குறை உறிஞ்சிய மேந்தலையை இருப்பில் சேர்க்கலாமா?

"அச்சுவேலியில் ஒரு நெல்லிரசத் தொழிற்சாலையைக் கணக்காய்வு செய்கிறேன். நிலையான மேந்தலை 60 இலட்சம், நியமம் 60,000 போத்தல். உற்பத்தி 40,000 மட்டுமே. மிச்சம் 20 இலட்ச முரணில் 5 இலட்சத்தைக் கையிருப்பிலுள்ள 10,000 போத்தலுக்குச் சேர்த்திருக்கிறார்கள். விடலாமா?"

60,000 உண்மையிலேயே சாதாரண இயலளவு என்றால் விடக்கூடாது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இதில் தெளிவு: உற்பத்தி குறைந்தது என்பதற்காக ஒரு போத்தலின் நிலையான மேந்தலையைக் கூட்ட முடியாது. போத்தலுக்கு 100 ரூபாதான்; 20 இலட்சமும் இந்த வருடச் செலவு. இருப்பு 5 இலட்சம் கூடிக் கிடக்கிறது.

ஆனால் அந்த 60,000 எங்கிருந்து வந்தது? அதைத்தான் முதலில் பாருங்கள். நான் பார்த்த ஓரிடத்தில் அது இயந்திரம் விற்றவர் தந்த எண். ஒரு வருடமும் எட்டியதில்லை. நாலைந்து வருட உற்பத்திப் பதிவேட்டை எடுத்து, கொதிகலன் ஓடிய நாட்களோடு ஒப்பிடுங்கள். எல்லா வருடமும் 40,000 அளவில்தான் என்றால் 60,000 என்ற நியமமே பிழை. அப்போது வீதம் 150 ரூபா, அவர்கள் சேர்த்த 5 இலட்சம் சரி. இந்த வருடம் மட்டும் இயந்திரம் பழுதாகி உற்பத்தி விழுந்திருந்தால், திருத்தப் பதிவு கேளுங்கள்.

சரி, மூலப்பொருள் விலை முரணை இதோடு கலக்காதீர்கள். வெற்றுப் போத்தல் நியமத்தைவிட விலை ஏறியிருந்தால் அது உண்மையான கிரயம். கையிருப்புக்குரிய பங்கு இருப்பில் சேரத்தான் வேண்டும்.