கடைசி வரி வரை படித்துவிட்டீர்கள், சரி

கேள்வி: வயது 56. சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது, மாத்திரை மட்டும்தான். எச்பிஏ1சி 7.4. இடது இமை அடிக்கடி துடிக்கிறது. பல வருடமாக ஒரு கொசு மாதிரி கண் முன்னே மிதக்கிறது. கண் சிவந்தால் மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்தை விட்டுக்கொள்கிறேன், நாலு மாதமாக. கேரட் சாறும் குடிக்கிறேன். படிக்க மட்டும் கண்ணாடி போடுவேன். கண்ணாடிக் கடையில் கடைசி வரி வரை படித்துவிட்டேன். இருந்தும் கொஞ்ச நாளாகக் கடைசிப் படி தவறுகிறது, டீப்பாயில் முழங்கால் இடிக்கிறது. அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர் வந்து இரண்டு கண்ணும் போனது. கண்ணில் ஊசி போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று யூடியூபில் பார்த்தேன். எனக்கும் அப்படி ஆகிவிடுமா டாக்டர்?

பதில்: இமை துடிப்பதை விடுங்கள், தூக்கம் சரியானால் நின்றுவிடும். பல வருடமாக மிதக்கும் ஒற்றைக் கொசுவும் அப்படித்தான். கேரட்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள். சாறாகக் குடித்தால் ஏறுவது சர்க்கரைதான். எனக்கு உறுத்துவது அந்த டீப்பாய்.

கண்ணாடிக் கடை பலகை சோதிப்பது பார்வையின் நடுப்புள்ளியை மட்டும். கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, பெரும்பாலும் நடுவை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து அரிக்கும். அரிக்கப்பட்ட இடம் கறுப்பாகவும் தெரியாது. ஒரு கண் தவறவிட்டதை மற்றக் கண் காட்டும், மீதியை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால் வலியில்லை, மங்கலில்லை, புகாரும் இல்லை. காலில்தான் முதலில் தெரியும்.

என்னிடம் வந்த ஒரு தையல்காரரைச் சொல்கிறேன். 58 வயது, ஊசியில் நூலைத் தானே கோப்பார். இரண்டு கண்ணிலும் 6/6. தரையில் வைத்த காபி டம்ளரை அடிக்கடி தட்டிவிடுகிறார் என்று அவர் மனைவிதான் இழுத்து வந்தார். கண் அழுத்தம் 17, 16. பொதுவாக 10 முதல் 21 வரை சரி என்போம். ஏற்கனவே ஓரிடத்தில் இதே எண்ணைப் பார்த்து ‘பிரஷர் நார்மல்’ என்று அனுப்பிவிட்டார்கள். அவருடைய கருவிழி மெலிசு. மெலிந்த கருவிழியில் கருவி அழுத்தத்தைக் குறைத்தே காட்டும். போதாக்குறைக்கு, எண் 21-க்குள் இருக்கும்போதே நரம்பு கெடுகிறவர்களும் உண்டு.

கண் பாப்பா விரியச் சொட்டு விட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் நடுவில் குழிந்த ஒரு சின்னத் தட்டு மாதிரி இருக்கும். சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் அதன் விளிம்பு வழியாகப் போகின்றன. இழைகள் சாகச் சாக விளிம்பு மெலிந்து குழி அகலும். அவருக்கு மேல்விளிம்பு கிட்டத்தட்ட இல்லை. மேலே விளிம்பு போனால் கீழ்ப்பக்கப் பார்வை போகும். ஓரப் பார்வையை அளக்கும் ஃபீல்ட் டெஸ்ட் எடுத்தோம், வலது கண் படத்தின் கீழ்ப்பாதி கறுப்பு, இடதிலும் தொடங்கியிருந்தது. டம்ளருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இரவில் ஒரு சொட்டு மருந்து தொடங்கி நாலு வருடம் ஆகிறது, படம் அப்படியே நிற்கிறது. ஆனால் போன கீழ்ப்பாதி திரும்பவில்லை, திரும்பாது. இந்த நோயில் சிகிச்சை என்பது இருப்பதைப் பிடித்து நிறுத்துவதுதான்.

உங்களுக்கும் இதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது. நடுவில் கோடு போட்ட கண்ணாடி போடுபவர்களுக்குப் படி மங்கும், உங்களுக்கு அந்தச் சமாதானம் இல்லை. 11 வருடச் சர்க்கரையில் பாதம் மரத்திருந்தாலும் படி தவறும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அப்பாவுக்கு இருந்த நோய் உங்களுக்கும் வர வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் இந்த வாரமே போங்கள், அடுத்த மாதம் வேண்டாம்.

போகும்போது அந்தச் சொட்டு மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசொலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பை ஒரே நாளில் எடுத்துவிடும், அதனால்தான் கேட்டவுடன் நீட்டுகிறார்கள். வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், குடும்பத்தில் கிளாக்கோமா இருப்பவர்களுக்கு இன்னும் சுலபமாக. நாலு மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இனி ஒரு சொட்டும் விட வேண்டாம்.

இனி சர்க்கரை. விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து குண்டூசித் தலை போல அங்கங்கே புடைக்கும், கசியும். கசிவு நடுப்பகுதிக்கு வரும்வரை நீங்கள் கடைசி வரியைப் படித்துக்கொண்டே இருப்பீர்கள். ரத்தம் போதாத விழித்திரை புதுக் குழாய்களை முளைக்கவிடும், அவை வலுவில்லாதவை, உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம். அப்போது ஒரு கண்ணில் திடீரென்று ஒட்டடையோ மசியோ கொட்டினாற்போலத் தெரியும், அல்லது திரை இறங்கும். உங்கள் பழைய கொசு வேறு, இது வேறு. இது வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரைக்குக் கண்டுபிடித்த நாளிலேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும், பிறகு வருடம் ஒருமுறை. 7.4 என்பதால் விலக்கு கிடையாது. 11 வருடத்தில் ஒருமுறைகூட யாரும் பாப்பாவை விரித்துப் பார்க்கவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

யூடியூப் ஊசி விஷயம்: விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்தவர்களுக்கு அதை வடியவைக்கத்தான் அந்த ஊசி. சொட்டு விட்டு மரத்துப்போகச் செய்துவிட்டுப் போடுவார்கள். கிருமித் தொற்று ஆபத்து உண்டு, ஆனால் அபூர்வம். முற்றிய பிறகு வந்து, ஊசிக்குப் பின்னும் பார்வை தேறாதவர்கள் பழியை ஊசிமேல் போடுகிறார்கள். உங்களுக்கு ஊசி தேவையா என்பதே இன்னும் தெரியாது, அதற்குள் பயம் எதற்கு?

கண் மருத்துவமனையில் ‘செக்கப்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்பா கதையையும் டீப்பாய் கதையையும் முதலிலேயே சொல்லுங்கள். காற்று ஊதி அழுத்தம் பார்த்துவிட்டு அனுப்பினால் நகராதீர்கள். நரம்பையும் விழித்திரையையும் பாப்பா விரித்துப் பார்க்க வேண்டும், ஃபீல்ட் டெஸ்ட்டும் வேண்டும். அதில் ஒரு கிண்ணத்துக்குள் நடு விளக்கையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் புள்ளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பாதிப் புள்ளிகள் தெரியவில்லையே என்று பலர் வியர்த்துப்போகிறார்கள். எவ்வளவு மங்கல்வரை தெரிகிறது என்று அளப்பதற்காக இயந்திரம் வேண்டுமென்றே மங்கவைக்கிறது, பதறாமல் உட்காருங்கள்.

அப்புறம், உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அதே அப்பாதான், ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. இருவருக்கும் ஒரே நாளில் விட்டால் வண்டி ஓட்ட ஆளிருக்காது, பஸ்ஸில் போய்விடுங்கள்.