ஆதார் கேட்கும் வரன் தளமும் வாடகைத் தளமும்: கொடுப்பதற்கு முன் எதைப் பார்ப்பது?

சென்னையில் இணையதளங்களுக்கான பெயரை, அதாவது டொமைனை, பதிவு செய்து தரும் ஒரு கம்பெனியில் 12 வருஷம் வேலை பார்த்தேன். ஏமாற்றுத் தளங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை அங்கே அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

வேளச்சேரி வாசகி: மேடம், 2 பெட்ரூம் வீடு, வாடகை 12,000தான்னு வாட்ஸ்அப்ல லிங்க் வந்துச்சு. பூட்டு படம் இருக்கு, https-உம் இருக்கு. ஆதார் ஏத்தலாம்தானே?

ஏற்றாதீர்கள். உங்கள் போனிலிருந்து அந்தத் தளத்துக்குப் போகும் தகவலை நடுவழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. அந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்கிக்கொள்பவர் யார் என்பதை அது சொல்லாது. அந்தப் பூட்டைக் காட்டுவதற்கான சான்றிதழ் இன்று இலவசமாக, சில நிமிடங்களில் கிடைக்கிறது. ஏமாற்றுக்காரரும் அதைத்தான் வாங்குகிறார்.

நீங்கள் அனுப்பிய லிங்க்கைப் பெயர் மாற்றித் தருகிறேன்:

```
https://perunthalam.in.owner-check.example/kyc
```

`https://` முடிந்த பிறகு வரும் முதல் சாய்கோட்டைத் தேடுங்கள். அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படியுங்கள். `owner-check.example` என்பதுதான் தளத்தின் உண்மையான பெயர். அதற்கு இடது பக்கம் என்ன பெயரை வேண்டுமானாலும் அதன் சொந்தக்காரர் ஒட்டிக்கொள்ளலாம். உங்களுக்குப் பழக்கமான தளத்தின் பெயரை அப்படித்தான் ஒட்டியிருக்கிறார்கள். போனில் முகவரி பாதிதான் தெரியும். அதைத் தொட்டு முழுசாகப் பாருங்கள். `.co.in` போல இரண்டு சொல்லாக முடிந்தால் மட்டும் இன்னும் ஒரு சொல் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆதம்பாக்கம் வாசகர்: டொமைன் வயசு பார்க்கணும்னு சொல்றாங்க. எங்கே பார்க்கிறது? நம்மளுக்குப் புரியுமா?

புரியும். `.com` என்றால் `lookup.icann.org`, `.in` என்றால் `registry.in`. தளத்தின் பெயரைப் போட்டால் ஒரு பட்டியல் வரும். அதில் பெயர் பதிவான தேதியைக் காட்டும் ஒரே ஒரு வரி போதும்.

நங்கநல்லூரில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, பெண்ணுக்கு வரன் பார்க்க ஒரு தளத்தில் சேரப் போனது. முகப்பிலேயே ‘20 ஆண்டு சேவை’ என்று போட்டிருந்தது. பதிவுக் கட்டணம் 2,999 ரூபாய், அதோடு அப்பா அம்மா இருவரின் ஆதார் நகல். 2025 மார்ச் 9 அன்று நானே பார்த்தேன்:

```
Creation Date: 2025-02-21
```

வயது 16 நாள். புதுசாக இருப்பது குற்றமில்லை. 16 நாள் தளம் 20 வருஷம் என்று சொல்வதுதான் பொய். அடுத்து அடியில் இருந்த ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்தேன். முகவரி தி. நகர். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அந்த எண் 33 என்று தொடங்க வேண்டும், இது 07 என்று தொடங்கியது. அது டெல்லிக்கு உரியது. `gst.gov.in`-இல் போட்டால் ஒரு துணி வியாபாரத்தின் பெயர் வந்தது. யாருடைய எண்ணையோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று: அந்தப் பட்டியலில் சொந்தக்காரர் பெயர் மறைக்கப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம். நல்ல தளங்களும் அப்படித்தான் வைத்திருக்கும்.

மயிலாப்பூர் வாசகி: எங்க அத்தை 18 வருஷமா திருமணத் தகவல் மையம் நடத்துறாங்க. போன மாசம்தான் சைட் போட்டோம். ஜிஎஸ்டியும் கிடையாது. உங்க கணக்குப்படி நாங்க ஃபிராடா?

இல்லம்மா. உங்கள் அத்தை ‘மையம் 18 வருஷம், தளம் புதுசு’ என்று முகப்பில் எழுதிவிட்டால் என் சந்தேகத்துக்கே இடமில்லை. வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, அதனால் எண் இல்லாததை வைத்து யாரையும் எடை போட முடியாது. நேரில் வரக்கூடிய முகவரி போடுங்கள். திருமணத் தளங்களுக்காக மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைகேட்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போடச் சொல்கிறது. அத்தை பெயரையே போடலாம். தளத்தில் சேருபவர்களும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

அம்பத்தூர் வாசகர்: நான் பார்த்தது பிரபலமான சைட்தான். ஓனர் மிலிட்டரில இருக்கேன், வீடு பார்க்க கேட் பாஸ் எடுக்கணும்னு 5,000 கேட்டார். நேத்து ராத்திரி கட்டிட்டேன். இதுல டொமைன் பார்த்து என்ன பிரயோஜனம்?

சார், படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். பிறகு `cybercrime.gov.in`-இல் பதியுங்கள். பணம் அந்தக் கணக்கை விட்டு வெளியே போகாமல் இருந்தால்தான் முடக்கி வைக்க முடியும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

நீங்கள் சொல்வது சரி, உங்கள் விஷயத்தில் டொமைன் ஒன்றும் காட்டியிருக்காது. தளம் உண்மை, விளம்பரம் பொய். விளம்பரம் போடுபவரின் போன் நம்பருக்கு ஓடிபி அனுப்புவதோடு சரிபார்ப்பை முடித்துக்கொள்ளும் தளங்கள் உண்டு. வீடு அவருடையதா என்று அவை பார்ப்பதில்லை. வீட்டைப் பார்ப்பதற்கே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நேரில் போய் வாட்ச்மேனிடமும் பக்கத்து வீட்டிலும் ஓனர் பெயரைக் கேளுங்கள். சொத்து வரி ரசீதில் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வே எண் கிடைத்தால் `tnreginet.gov.in`-இல் வில்லங்கத்தையே இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் வாடகைக்கு வருபவருக்கு அந்த எண்ணை யார் கொடுக்கிறார்கள், அது நடைமுறையில் கஷ்டம்தான்.

குரோம்பேட்டை அம்மா ஒருவர்: ஆதார் இல்லாம வீடு இல்லைங்கறாங்க. ஜாதகம் இல்லாம வரன் இல்ல. கடைசில எல்லாத்தையும் கொடுத்துதானே ஆகணும்?

கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் யாரிடம், எப்போது என்பது உங்கள் கையில் இருக்கிறது. வாடகைக்கு வருபவரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும்படி ஓனரைப் போலீஸ் கேட்பதுண்டு என்பதால், அவர் ஆதார் கேட்பது நியாயம். அதை ஒப்பந்தம் எழுதும் அன்று, ஓனர் கையில் கொடுங்கள். தளத்தில் ஏற்ற வேண்டாம். `myaadhaar.uidai.gov.in`-இல் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதாரை எடுக்கலாம். நகலின் மேலேயே தேதியும் ‘இந்த வீட்டு வாடகைக்கு மட்டும்’ என்பதையும் எழுதுங்கள்.

ஜாதக விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பிறந்த தேதியை மறைத்துவிட்டு ராசிக் கட்டத்தை மட்டும் ஏற்றுகிறார்கள். சனியும் குருவும் நிற்கும் இடத்தை வைத்து வருஷத்தையும், சூரியனை வைத்து மாதத்தையும், சந்திரனை வைத்து இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்குள் தேதியையும் ஜோசியம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். கட்டம் கொடுத்தால் பிறந்த தேதியே கொடுத்த மாதிரிதான். முதல் சுற்றுப் பொருத்தத்துக்கு ராசி, நட்சத்திரம், பாதம் போதும். கட்டத்தைப் பையன் வீட்டாரோடு பேசிய பிறகு நேரடியாக அவர்களுக்கே அனுப்புங்கள்.

ஆதம்பாக்கம் வாசகர் மறுபடியும்: அப்போ டொமைன் பத்து வருஷப் பழசுன்னா நம்பிடலாமா?

முடியாது. சொந்தக்காரர் விட்டுவிட்ட பழைய பெயரை ஏலத்தில் எடுத்தால் பழைய தேதியே தொடரும் என்பது எங்கள் கம்பெனியில் தினமும் பார்த்த விஷயம். `web.archive.org`-இல் போட்டு, அந்தத் தளம் முன்பு என்னவாக இருந்தது என்று பாருங்கள். டிராவல்ஸ் கம்பெனியாக இருந்தது திடீரென்று வரன் தளமாக மாறியிருந்தால் விலகிவிடுங்கள். சில தளங்களுக்கு அங்கே ஒரு பக்கம்கூடச் சேமிப்பில் இருக்காது. அதை வைத்து எந்தப் பக்கமும் என்னால் தீர்ப்பு சொல்ல முடிந்ததில்லை.

வேளச்சேரி வாசகி: மேடம், அதே வீடு இன்னொரு சைட்ல 27,000-னு இருக்கு, போட்டோ அப்படியே அதேதான். இதுல எது நிஜம்?

27,000 விளம்பரம் நிஜம் என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது, அதுவும் வேறு யாருடைய படமோ தெரியாது. சனிக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். அதுவரை இரண்டு பேருக்கும் உங்கள் பெயரும் போன் நம்பரும் தவிர வேறெதுவும் வேண்டாம்.