முதல் கோல் எப்போது, யார் அடிப்பார்: பெங்களூரு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பதில் சொல்பவர் ஆஸ்டின் டவுன்காரர், காப்பீட்டுத் துறையில் புள்ளியியல் வேலை பார்ப்பவர். எல்லாப் பதிலுக்கும் ஒரே கற்பனை ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறார்: சொந்த மைதான அணியிடம் 1.5 கோல், வந்த அணியிடம் 1.1 கோல் எதிர்பார்ப்பு. மொத்தம் 2.6.

அல்சூர் கல்லூரி மாணவர்: அண்ணா, 90-ஐ 2.6-ஆல் வகுத்தா 35 வருது. அப்போ 35-வது நிமிஷத்துக்கு முன்னாடி முதல் கோல் வர பாதி வாய்ப்பு, பின்னாடி வர பாதி வாய்ப்பு, சரிதானே?

வகுத்தது சரி தம்பி. ஆனால் 35 என்பது சராசரி, பாதிப் புள்ளி அல்ல. சில ஆட்டங்களில் முதல் கோல் ரொம்பத் தாமதமாக வரும். அந்தச் சில ஆட்டங்கள் சராசரியைப் பின்னால் இழுத்துவிடும். பாதிப் புள்ளியைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. ஒரு நேரம் வரைக்கும் எத்தனை கோல் எதிர்பார்க்கிறோமோ, அதை எக்ஸெல்லில் இப்படிப் போட்டால், அதுவரை கோலே விழாமல் இருக்கும் வாய்ப்பு கிடைக்கும்:

```
=EXP(-1.17)
```

1.17 என்பது 2.6-இல் 45 சதவீதம், அதாவது முதல் பாதிக்கு உரிய பங்கு. விடை 0.31. இப்படிப்பட்ட 100 ஆட்டங்களில் 31 ஆட்டங்கள் இடைவேளை வரை 0-0 என்றே போகும்.

இந்த விடை 0.5 ஆக வேண்டுமென்றால் எதிர்பார்ப்பு 0.693 கோலைத் தொட வேண்டும். கோல்கள் 90 நிமிடமும் ஒரே சீராக விழும் என்று வைத்தால் அது 24-வது நிமிடத்தில் தொடும். ஆனால் அப்படி விழுவதில்லை. இரண்டாம் பாதியில் கோல் அதிகம், முதல் கால் மணி நேரத்தில்தான் ரொம்பக் குறைவு. நான் பயன்படுத்தும் பங்கீடு, கால் மணி நேரத்துக்கு ஒன்றாக, வரிசையாக 13, 15, 17, 17, 17, 21 சதவீதம். கணக்குக்காக நானே முழு எண்ணாக்கி வைத்துக்கொண்டது இது. லீக்குக்கு லீக் கொஞ்சம் மாறும். இதை வைத்துப் பார்த்தால் பாதிப் புள்ளி 29-வது நிமிடத்துக்குத் தள்ளிப்போகிறது. நீங்கள் சொன்னது 35, சீராகப் போட்டால் 24, உண்மைக்குக் கிட்டத்தில் இருப்பது 29. 24-ஐ நம்பிப் பந்தயத்துக்கு ஆட்ஸ், அதாவது ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் எத்தனை ரூபாய் கைக்கு வரும் என்ற எண், போடுகிறவர் சீக்கிர கோலுக்கு அளவுக்கு மீறி வாய்ப்புக் கொடுத்துவிடுவார்.

இந்திரா நகர், சாஃப்ட்வேர் டெஸ்டர்: கடைசிக் கால் மணி நேரத்தில்தான் கோல் அதிகம் என்று டிவியில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அப்படியானால் முதல் கோலும் அங்கேதானே அதிகம் வர வேண்டும்?

கோல் அங்கே அதிகம். முதல் கோல் அங்கே அதிகம் இல்லை. கடைசிக் கால் மணி நேரத்தில் விழும் கோல் முதல் கோலாக இருக்க, அதற்கு முந்தைய 75 நிமிடமும் யாரும் அடித்திருக்கக் கூடாது. நம் ஆட்டத்தில் அதற்கான வாய்ப்பே 13 சதவீதம்தான்.

மேலே சொன்ன பங்கீட்டை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு கால் மணி நேர முடிவிலும் அதே எக்ஸெல் கணக்கைப் போட்டுக் கழித்துப் பாருங்கள். முதல் கோல் முதல் கால் மணி நேரத்தில் வரும் வாய்ப்பு 29 சதவீதம். அப்புறம் 23, 17, 11, 7 என்று இறங்கி, கடைசிக் கால் மணி நேரத்தில் 5-தான். கோலே இல்லாமல் முடிய 7. ஆகவே, கோல் வேகம் மிகக் குறைந்த முதல் பதினைந்து நிமிடத்தில்தான் முதல் கோல் அதிகம் வருகிறது. முதல் கோல் பந்தயச் சந்தையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் மனதில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது என்பேன்.

சிவாஜி நகர் கடைக்காரர்: கணக்கெல்லாம் இருக்கட்டும் சார். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்ல யார் ஃபர்ஸ்ட் அடிப்பான், ஒரே ஒரு பேர் சொல்லுங்க.

பேர் சொல்ல மாட்டேன் சார். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்டத்தில் சொந்த அணியின் முதன்மை ஸ்டிரைக்கரை எடுத்துக்கொள்வோம். அணியின் 1.5 கோலில் 30 சதவீதம் அவருடையது, அதாவது 0.45. மொத்த 2.6-இல் அவர் பங்கு 17 சதவீதம் வருகிறது. ஆட்டத்தில் ஒரு கோலாவது விழும் வாய்ப்பு 93 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 16. மைதானத்தில் இருப்பவர்களிலேயே வாய்ப்பு அதிகம் உள்ள ஆளுக்கே இவ்வளவுதான். நூற்றுக்கு 84 தடவை அவர் முதல் கோல் அடிக்கப்போவதில்லை.

அந்த 16-க்கு நியாயமான ஆட்ஸ் 6-க்குக் கொஞ்சம் மேலே. அதையே 5 என்று போட்டால் 20 சதவீதம் என்று விற்கிறார்கள் என்று அர்த்தம். இருபது முப்பது பேரின் பெயர் இருக்கும் பட்டியலில் ஒவ்வொருவர் தலையிலும் இப்படிக் கொஞ்சம் ஏற்றினால் மொத்தம் 100-ஐ எங்கோ தாண்டிப் போய்விடும். வெற்றி, தோல்வி, டிரா என்று மூன்றே முடிவு உள்ள சந்தையில் இவ்வளவு ஏற்ற இடமில்லை. இன்னொன்று: இங்கே 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்கிறது. நான் இதைக் கணக்காக மட்டும்தான் பேசுகிறேன்.

ஃபிரேசர் டவுன், முன்னாள் லீக் ஆட்டக்காரர்: 30 சதவீதப் பங்கில் பெனால்டி கலந்திருக்கிறதா? தவிர, இப்போதெல்லாம் ஸ்டிரைக்கரை 70-வது நிமிடத்தில் வெளியே எடுத்துவிடுகிறார்கள். முதல் கோல், ஆட்டத்தில் எப்போதாவது கோல், இரண்டையும் ஒரே அளவு குறைத்தால் போதுமா?

நல்ல கேள்வி சார். பெனால்டி கலந்திருக்கிறது. பெரிய லீக்குகளில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்துக்குப் பெனால்டியால் வருவது கிட்டத்தட்ட 0.1 கோல். பெனால்டி அடிக்கும் பொறுப்பு வேறொருவருக்குப் போனால் நம் ஸ்டிரைக்கர் 0.45-இலிருந்து 0.35-க்கு இறங்குவார், முதல் கோல் வாய்ப்பு 16-இலிருந்து 12.5 ஆகும். 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஈக்வடாரின் என்னர் வலென்சியா 3-வது நிமிடத்தில் தலையால் முட்டி அடித்த கோலை வி.ஏ.ஆர் ஆஃப்சைடு என்று ரத்து செய்தது. 16-வது நிமிடத்தில் அவரே பெனால்டியில் முதல் கோல் அடித்தார். முதல் கோல் எந்த நிமிடத்தில் என்று கேட்கும் நேரச் சந்தையிலும் 16-வது நிமிடம்தான் கணக்கு; ரத்தான கோல் விழவே இல்லை என்று பொருள்.

வெளியே எடுப்பது வேறு கதை. எப்போதாவது கோல் அடிப்பார் என்ற வாய்ப்பு, முழு நேரம் ஆடினால் 36 சதவீதம். 70-இல் வெளியே வந்தால் 28. ஏனென்றால் கோல் அதிகம் விழும் கடைசி இருபது நிமிடம் அவருக்கு இல்லை. முதல் கோல் வாய்ப்போ 16-இலிருந்து 14.7-க்குத்தான் வருகிறது. 70-வது நிமிடம் வரை 0-0 ஆக இருந்து, அப்புறம் ஒரு கோல் விழும் வாய்ப்பே 7 சதவீதம். அவர் இழப்பது அதில் தன் பங்கை மட்டும். ஆக ஒன்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறது, இன்னொன்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே அளவில் குறைத்தால் முதல் கோல் கணக்கு தப்பாகும்.

ஒரு எச்சரிக்கை. 30 சதவீதத்தை சீசன் மொத்தக் கோலிலிருந்து எடுத்திருந்தால், சீக்கிரம் வெளியே வந்ததெல்லாம் அதற்குள்ளேயே கழிந்திருக்கும். மறுபடி கழிக்காதீர்கள். 90 நிமிடத்துக்கு எத்தனை கோல் என்று எடுத்திருந்தால் மட்டும் கழியுங்கள்.

கௌதமபுரம், பெங்களூரு எஃப்சி ரசிகர்: சேத்ரி பெஞ்ச்ல உட்கார்ந்தா முதல் கோலுக்கு அவர் பேரையே எடுத்துடலாம்தானே அண்ணா?

எடுக்கக் கூடாது தம்பி. இந்தச் சந்தையின் வழக்கமான விதிப்படி, முதல் கோலுக்கு முன் களம் இறங்காத ஆட்டக்காரரின் மேல் கட்டிய பணம் திரும்பிவிடும். அதனால் அவர் இறங்குவதற்குள் கோல் விழும் வாய்ப்பை அவர் கணக்கில் சேர்க்கவே கூடாது. "60-இல் இறங்கும்போது 0-0" என்ற நிலையிலிருந்து தொடங்குங்கள். நம் ஆட்டத்தில் அப்போது மீதம் 0.99 கோல் எதிர்பார்ப்பு. இனி ஒரு கோலாவது விழ 63 சதவீதம். மீதிக் கோலில் ஐந்தில் ஒன்று அவருடையது என்றால் 12 முதல் 13 சதவீதம். பெஞ்சில் இருப்பவருக்கு நிறைய பேர் நினைப்பதைவிட இது அதிகம்.

சுயகோல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யார் முதலில் என்ற சந்தையில் அதை விட்டுவிட்டு அடுத்த கோலைப் பார்ப்பார்கள். நேரச் சந்தையில் சுயகோலும் கோல்தான்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட், டேட்டா அனலிஸ்ட்: நானே நிமிட வாரியாக எண்ணிப் பார்த்தேன். 45-வது நிமிடத்தில் மட்டும் கோல் குவிகிறது. இடைவேளைக்கு முன் கவனம் சிதறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கவனத்தைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் ஃபைலைப் பாருங்கள். இஞ்சுரி டைமில் விழும் 45+1, 45+3 எல்லாம் "45" என்று ஒரே கட்டத்தில் விழுந்திருக்கும். 90-க்கும் இதே கதை. 2022-இல் இங்கிலாந்து, ஈரான் ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பருக்கு அடிபட்டதால் முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம் சேர்த்தார்கள். உங்கள் ஃபைலில் அத்தனையும் ஒரே நிமிடமாக நிற்கும். எத்தனை நிமிடம் உண்மையில் ஆடினார்கள் என்பதால் வகுத்துப் பாருங்கள், குவியலில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

அதே டேட்டா அனலிஸ்ட்: சரி, இன்னொரு சந்தேகம். கடைசி நேரத்தில் கோல் அதிகம் விழக் காரணமே தோற்கும் அணி முன்னேறி ஆடுவதுதான். முதல் கோல் விழும் வரை தோற்கும் அணியே கிடையாதே. அப்புறம் உங்கள் 21 சதவீதத்தை எப்படி நம்புவது?

என் கணக்கில் ரொம்ப பலவீனமான இடம் அதுதான், சரியாகப் பிடித்தீர்கள். அந்தப் பங்கீடு 3-1, 0-2 என்று எல்லா நிலையிலும் விழுந்த கோலைக் கலந்தது. நமக்கு வேண்டியது 0-0 நிலையின் வேகம் மட்டும். அதற்கு, ஆட்டம் 0-0 ஆக இருந்த நிமிடங்களை மட்டும் எடுத்து, அவற்றில் விழுந்த கோலை அந்த நிமிட எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 80-க்கு மேல் 0-0 ஆக நிற்கும் ஆட்டங்கள் குறைவு என்பதால் அங்கே பல சீசன் சேர்த்தால்தான் எண் நிலைக்கும். அப்படி நிற்கும் ஆட்டங்களில் இயல்பிலேயே கோல் குறைந்த அணிகள் அதிகம் என்ற சிக்கலும் உண்டு. அதைத் தனியாகப் பிரிக்காமல் வகுத்தால், வேகம் குறைவதாகத் தெரிவது 0-0 நிலையாலா, அந்த அணிகளாலா என்று பிடிபடாது.

1997-இல் டிக்ஸன், கோல்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் இங்கிலாந்து ஆட்டங்களை ஆராய்ந்தபோதே, 0-0 முடிவு சாதாரணக் கணக்கு சொல்வதைவிட அதிகம் வருகிறது என்று அதற்குத் திருத்தம் சேர்த்தார்கள். ஆகவே நம் ஆட்டத்தின் 7 சதவீதம் கொஞ்சம் ஏறலாம், கடைசிக் கால் மணி நேரத்தின் 5 இறங்கலாம். கடைசி நேரத்தில் கோல் அதிகமாவதற்குக் களைப்பு எவ்வளவு காரணம், ஸ்கோர் எவ்வளவு காரணம் என்பதில் எனக்கும் என் சக ஊழியருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் பாதிக்கு மேல் களைப்பு என்கிறார், நான் ஸ்கோர் என்கிறேன். உங்கள் ஃபைலில் 0-0 நிமிடங்களைப் பிரிக்க முடிந்தால், அணிகளின் எதிர்பார்ப்பு கோலையும் சேர்த்து அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.