பிச்சிப்பூ மணமும் லாவெண்டர் பாட்டிலும்

கேள்வி: டாக்டர், அம்மை போய் எட்டு மாசம் ஆச்சு. தோவாளை வழியா பஸ்ல போகும்போது பிச்சிப்பூ மணம் வந்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சு அழுகை வருது. ராத்திரி தூங்க குளோனாசிபாம் போடுதேன். பார்லர்ல லாவெண்டர் எண்ணெய் மோந்தா போதும், மாத்திரை வேண்டாம்னு சொல்லுதாவ. நிறுத்திரலாமா?

பதில்: மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, அது முதல்ல. தினமும் போடுற குளோனாசிபாமை டக்குன்னு விட்டா தூக்கம் இன்னும் கெடும், படபடப்பு கூடும், சிலருக்கு வலிப்பே வரலாம். எழுதிக்கொடுத்த டாக்டர்ட்ட சொல்லி மெல்ல மெல்லத்தான் குறைக்கணும்.

பிச்சிப்பூவுக்கு அழுகை வர்றதுக்கு காரணம் இருக்கு. மூக்கோட உச்சியில இருக்குற நரம்பு செல்கள்ல வாசனை மூலக்கூறு ஒட்டினதும், மண்டையோட்டு எலும்புல இருக்குற பொடி ஓட்டைகள் வழியா சிக்னல் மேல ஏறி மூளையில வாசனைய வாங்குற ஆல்ஃபேக்டரி பல்புக்கு போகுது. பார்வை, சத்தம் எல்லாம் தாலமஸ்ங்கிற இடத்துல நின்னுட்டுத்தான் மேல போகும், வாசனை அங்க நிக்காம நேரா உணர்ச்சியப் பாத்துக்கிற அமிக்டலாவுக்கும், ஞாபகத்தைக் காக்குற ஹிப்போகாம்பஸோட வாசல் பகுதிக்கும் போயிரும். அதான் இது என்ன மணம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே கண்ணு கலங்குது. அம்மை தலையில தினமும் இருந்த பூ இல்லையா.

ஆனா கவனிங்க, உங்கள அழ வச்சது அந்த மணத்தோட சேர்ந்திருக்கிற ஞாபகம். பக்கத்து சீட்காரருக்கு அதே பிச்சி கல்யாண வீட்ட ஞாபகப்படுத்தலாம். லாவெண்டரும் அப்படித்தான், எல்லாருக்கும் ஒரே வேலைய செய்யாது, ஆராய்ச்சி முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராததுக்கு இது ஒரு காரணம். இன்னொண்ணு, மாத்திரைன்னா போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம், வாசனைய எப்படி மறைக்கிறது? மோந்ததுமே தெரிஞ்சிருது, நல்லாகும்ங்கிற எதிர்பார்ப்பே பாதி வேலைய செஞ்சிருது. 2008-ல அமெரிக்காவுல 56 பேருக்கு லாவெண்டர், எலுமிச்சை எண்ணெய், வெறும் தண்ணி மூணையும் மோக்கக் கொடுத்து சோதிச்சாங்க, பாதி பேருக்கு என்ன மோக்குறாங்க, என்ன ஆகும்னு முன்கூட்டி சொல்லல. எலுமிச்சை மனநிலைய கொஞ்சம் தூக்குச்சு, லாவெண்டர் அதுகூட செய்யல. பிரஷர், டென்ஷன் ஹார்மோனான கார்டிசால், தோல் ஆறுற வேகம், இதுல எதையும் ரெண்டுமே நம்பும்படியா மாத்தல.

பதட்டத்துக்கு லாவெண்டர் உதவுதுன்னு வந்த நல்ல ஆய்வுகள் நிறைய 80 மி.கி. கேப்சூலா முழுங்குறத வச்சு செஞ்சது, மோக்குறத வச்சு இல்ல. அதுக்காக பார்லர் பாட்டில குடிச்சிராதீங்க, அது வேற சரக்கு.

மணம் பிடிச்சிருந்தா ராத்திரி பஞ்சுல ரெண்டு சொட்டு விட்டு தலைமாட்டுல வைங்க, தப்பில்ல. ஆஸ்துமா இருந்தா வேண்டாம், வீட்டுல கைக்குழந்தை இருந்தா எட்டாத இடத்துல வைங்க. எட்டு மாசமாகியும் பஸ்ல போகவே பயமா இருக்கு, வேலையும் ஓடலன்னா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநல ஓபி-ல ஒரு தடவ காட்டுங்க. துக்கத்துக்குன்னே பேச்சு சிகிச்சை இருக்கு, அதுக்கான ஆதாரம் இந்த எண்ணெயவிட ரொம்ப பலமானது.