கேள்விக்கு கேள்வி சி.ஓ. போட்ட பிறகு சதவீதத்தை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: "என்.பி.ஏ. அங்கீகார வேலைக்காக ஒவ்வொரு தேர்வுக் கேள்விக்கும் சி.ஓ. எண், அதாவது அது அளக்கும் கோர்ஸ் அவுட்கமின் எண், போட்டு, எத்தனை சதவீத மாணவர்கள் அதை அடைந்தார்கள் என்று கேட்கிறார்கள். ஒரே மார்க் ஷீட்டை வைத்து நானும் என் சக ஆசிரியரும் போட்டோம், இரண்டு விடை வருகிறது. எது சரி?"

பெரும்பாலும் நீங்கள் இருவரும் கூட்டிய இடம் வேறாக இருக்கும். நான் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்தபோது எனக்கும் இதே குழப்பம் வந்தது. அந்தக் கணக்கையே சொல்கிறேன்.

சி.ஓ.2 இப்படி இருந்தது: "ஸ்டாக், க்யூ இரண்டையும் பயன்படுத்திக் கணக்குகளைத் தீர்ப்பார்." இன்டர்னல் டெஸ்டில் இதற்கு மூன்று கேள்விகள். 3-ம், 4-ம் கேள்விகள் தலா 2 மார்க், 7-ம் கேள்வி 13 மார்க். மொத்தம் 17. வகுப்பில் 60 பேர், அன்று 4 பேர் வரவில்லை. இலக்கு 60 சதவீத மார்க் என்று துறையில் முடிவு செய்திருந்தோம். அத்தனை மார்க்கை 60 சதவீத மாணவர்கள் எடுத்தால் நிலை 1, 70 என்றால் நிலை 2, 80 என்றால் நிலை 3.

முதலில் கேள்வி வாரியாகப் போட்டேன். எழுதிய 56 பேரில் 3-ம் கேள்வியில் 50 பேர், 4-ல் 48 பேர், 7-ல் 31 பேர் இலக்கைத் தொட்டிருந்தார்கள். அதாவது 89.3, 85.7, 55.4. சராசரி 76.8, நிலை 2. பிறகு ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று கேள்வியின் மார்க்கையும் கூட்டி, 17-ல் 10.2-க்குக் குறையாமல் எடுத்தவர்களை எண்ணினேன். 35 பேர். 62.5 சதவீதம், நிலை 1.

இரண்டாவதுதான் சரி. கேட்பது "எத்தனை மாணவர்கள்" என்பதை, எனவே முதலில் மாணவர் அளவில் கூட்ட வேண்டும். முதல் முறையில் 2 மார்க் கேள்விக்கும் 13 மார்க் கேள்விக்கும் ஒரே எடை கிடைக்கிறது. அந்த 2 மார்க் கேள்விகளைத் திரும்பப் பார்த்தால் "ஸ்டாக் என்றால் என்ன?" வகை. இரண்டாம் யூனிட் என்பதற்காக சி.ஓ.2 என்று போட்டிருந்தேன். ஆனால் சி.ஓ.2 கேட்பது பயன்படுத்துவதை, வரையறை சொல்வதை அல்ல. யூனிட் எண்ணைப் பார்த்து சி.ஓ. போடுவதுதான் நம் கல்லூரிகளில் அதிகம் நடக்கும் தவறு என்பேன். சி.ஓ. வாக்கியத்தின் வினைச்சொல்லைக் கேள்வியின் வினைச்சொல்லோடு வைத்துப் பாருங்கள்.

வராதவர்கள் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் விடையை மாற்றிவிடும். அந்த 4 பேருக்கும் 0 போட்டால் 35/60, அதாவது 58.3. நிலை 1-ம் போய்விடும். எழுதி 0 வாங்கியவர் கணக்கில் உண்டு, எழுதாதவர் இல்லை. அவர்களுக்கு `AB` என்று அடியுங்கள். C, D, E மூன்றும் கேள்விகள், F மாணவரின் கூட்டுத்தொகை:

```
F2:  =IF(C2="AB","",SUM(C2:E2))
F63: =COUNTIF(F2:F61,">=10.2")/COUNT(F2:F61)
```

அப்புறம் சாய்ஸ். 7(அ) சி.ஓ.2, 7(ஆ) சி.ஓ.3 என்று வைத்துவிட்டால், (ஆ) எழுதியவரை சி.ஓ.2-ல் வெறும் 4 மார்க்கை வைத்து அளக்க வேண்டியிருக்கும், (அ) எழுதியவரை 17-க்கு. ஃபார்முலாவில் இதைச் சரிக்கட்டலாம். ஆனால் 4 மார்க்கில் கிடைக்கும் முடிவுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. கேள்வித்தாள் ஸ்க்ரூட்டினியிலேயே இரண்டு சாய்ஸும் ஒரே சி.ஓ. என்று பார்த்துவிடுங்கள். ஒரு 13 மார்க் கேள்வி இரண்டு சி.ஓ.வைத் தொட்டால் 7, 6 என்று உட்பிரிவாக்கிப் பிரித்துப் போடுங்கள். முழு 13-ஐ இரண்டு பக்கமும் எழுதினால் ஒரே மார்க் இரண்டு முறை எண்ணப்படும்.

பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் செமஸ்டர் தேர்வில் கேள்வி வாரியான மார்க் கையில் இருக்காது, கிரேடுதான் வரும். அதிலிருந்து எல்லா சி.ஓ.வுக்கும் ஒரே எண்ணைத்தான் போட முடியும். எனவே சி.ஓ.க்களுக்குள் வித்தியாசத்தைக் காட்டுவது உங்கள் இன்டர்னல் டெஸ்டும் அசைன்மென்டும் மட்டும்தான்.

62.5 வந்ததும் 7-ம் கேள்வியில் இலக்கைத் தொடாத 25 பேரின் விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். இன்ஃபிக்ஸை போஸ்ட்ஃபிக்ஸாக மாற்றும் கணக்கு. அடைப்புக்குறி இல்லாத பகுதியைப் பலரும் சரியாகச் செய்திருந்தார்கள். மூடும் அடைப்புக்குறி வந்ததும் ஸ்டாக்கிலிருந்து எதுவரை எடுக்க வேண்டும் என்பதில்தான் தவறியிருந்தார்கள். அடுத்த வாரம் ஒரு டுடோரியல் வகுப்பு முழுக்க அதை மட்டும் போர்டில் போட்டேன். கோர்ஸ் ஃபைலில் நடவடிக்கை என்ற இடத்தில் அதையே எழுதினேன்.