அரியர் மூன்று, நடப்பு பாடம் ஆறு: எதில் கை வைப்பது?

"சார், நான் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம், நாலாவது செமஸ்டர். ஊர் மண்டபம், தினமும் பஸ்ஸில் ராமநாதபுரம் பக்கம் கல்லூரிக்குப் போய் வருகிறேன். மூன்று அரியர் இருக்கிறது. மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் மூன்று தடவை எழுதிவிட்டேன், கடைசியாக 46. போன தேர்வில் தெர்மோடைனமிக்ஸ் 40, டி.பி.டி.இ. என்ற இன்னொரு கணிதத் தாள் 36. இன்டர்னல் முறையே 15, 29, 19. படகு திரும்பும் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் அப்பாவுக்கு உதவியாக ஜெட்டிக்குப் போக வேண்டும். இந்த செமஸ்டர் பாடங்களையும் விடாமல் அரியரை எப்படி முடிப்பது?"

தம்பி, நீங்கள் மதிப்பெண்களைச் சேர்த்து எழுதியது நல்லதாகப் போயிற்று. "எனக்கு மூன்று அரியர்" என்று மட்டும் சொன்னால் யாராலும் வழி சொல்ல முடியாது. ஒவ்வொரு தாளிலும் இனி எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

தியரி தாளில் இன்டர்னல் 40, தேர்வு 60. தேர்வை 100க்கு எழுதுகிறீர்கள், அதை 60க்குச் சுருக்குகிறார்கள். தேறுவதற்கு இரண்டு நிபந்தனை: மொத்தம் 50 வர வேண்டும், தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வர வேண்டும். 60இல் 45 சதவீதம் 27. அதனால் இன்டர்னல் 23ஐத் தொட்டுவிட்டால், அது 23 ஆனாலும் 38 ஆனாலும், தேர்வில் 45 எடுத்தால் போதும். 23க்குக் கீழே போகும்போதுதான் சுமை ஏறும். அங்கே குறையும் ஒவ்வொரு இன்டர்னல் மதிப்பெண்ணுக்கும் தேர்வில் ஒன்றே முக்கால் மதிப்பெண் கிட்ட கூடுதலாக எடுக்க வேண்டும்.

இதை உங்கள் தாள்களில் வைத்துப் பார்ப்போம். தெர்மோடைனமிக்ஸில் இன்டர்னல் 29. எனவே தேவை 45, எடுத்தது 40, தூரம் ஐந்து. டி.பி.டி.இ.யில் இன்டர்னல் 19. மீதி 31 வேண்டும், அது 60இல் 31, அதாவது நூற்றுக்கு 52. எடுத்தது 36, தூரம் பதினாறு.

மேட்ரிசஸ் கதை வேறு. 15 இன்டர்னலுடன் பார்த்தால் 59 வேண்டும். ஆனால் மூன்றாவது முயற்சியிலிருந்து ஒரு சலுகை உண்டு. இன்டர்னலோடு கூட்டித் தேறாவிட்டாலும், தேர்வில் மட்டுமே 50 சதவீதம் எடுத்தால் பாஸ். போன தடவையே அது உங்களுக்குப் பொருந்தியது, 46இல் நின்றுவிட்டது. ஆக, தூரம் 59 வரை இல்லை, நாலே மதிப்பெண்தான். இது தெரியாமல் "இன்டர்னல் போச்சு, இனி இந்தத் தாள் முடியாது" என்று மூன்று வருஷம் தள்ளிப்போட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் ரெகுலேஷன் பிரதி இருக்கும். இந்த விதியை உங்கள் கண்ணாலேயே ஒருமுறை படித்துவிடுங்கள்.

இப்போது வரிசை தானாக விழுகிறது. ஏப்ரல்/மே தேர்வில் குறி தெர்மோடைனமிக்ஸும் மேட்ரிசஸும். டி.பி.டி.இ.க்கும் பணம் கட்டி எழுதுங்கள், ஆனால் அதன் முறையான தயாரிப்பு நவம்பர்/டிசம்பருக்கு. ஒற்றைப்படை செமஸ்டர் தாளானாலும் இரண்டு பருவத்திலும் எழுதலாம் என்பதால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் பழைய பாக்கியை முதலில் அடைக்கிறேன் என்றோ, பயமுறுத்தும் தாளை முதலில் வெல்கிறேன் என்றோ தொடங்குவார்கள். இரண்டும் தப்பு என்பது என் கருத்து. கரைக்கு எது கிட்டே நிற்கிறதோ அதைத்தான் முதலில் இழுக்க வேண்டும்.

தெர்மோடைனமிக்ஸுக்குத் தனி நேரம் அதிகம் வேண்டாம். இந்த செமஸ்டரில் உங்களுக்குத் தெர்மல் இன்ஜினியரிங் இருக்கிறது அல்லவா, அதன் அடித்தளமே இதுதான். ஸ்டீம் நாசில் பாடம் வரும்போது வேகத்துக்கு இந்தச் சூத்திரம் போடுவார்கள்:

```
C = 44.72 √(h1 − h2)
```

இது புதிதாக ஒன்றும் இல்லை. தெர்மோடைனமிக்ஸ் முதல் யூனிட்டில் வரும் நிலையான ஓட்ட ஆற்றல் சமன்பாட்டில் வெப்பம், வேலை, உயர வித்தியாசம், நுழைவு வேகம் நான்கையும் சுழியாக்கினால் கிடைப்பது. 44.72 என்பது 2000இன் வர்க்கமூலம். என்தால்பி கிலோ ஜூலில் இருப்பதால் அந்த ஆயிரம் உள்ளே வருகிறது. h1, h2 வித்தியாசம் 400 என்றால் வேகம் வினாடிக்கு 894 மீட்டர். ஆயிரத்தை மறந்தால் 28 மீட்டர் வரும். அது நம்ம ராமேசுவரம் ரோட்டில் வேகமாகப் போகும் காரின் வேகம், நாசிலில் இருந்து வரும் நீராவிக்கு ஒத்து வராது. விடையைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும்.

அதேபோல் ஸ்டீம் டேபிள் பார்க்கும் பழக்கம் இரண்டு தாளுக்கும் பொது. தெர்மோடைனமிக்ஸில் தூய பொருட்களின் பண்புகள் யூனிட்டில் பதினைந்து கணக்கு போட்டீர்கள் என்றால், நாசிலும் டர்பைனும் பாதி முடிந்த மாதிரி. வகுப்பில் தெர்மல் நடக்கும் அதே வாரம், அதற்கு அடியில் இருக்கும் தெர்மோடைனமிக்ஸ் பகுதியைப் பாருங்கள். 40இல் இருந்து 45க்கு அது போதும்.

மேட்ரிசஸில் வகுப்பின் துணை கிடையாது, அதனால் உங்கள் தனி நேரம் இங்கேதான் போக வேண்டும். கணிதத் தாளில் பார்ட் ஏ பத்து கேள்வி, இரண்டு மதிப்பெண் வீதம். பார்ட் பி ஐந்து கேள்வி, 16 வீதம், யூனிட்டுக்கு ஒன்று, அல்லது–அல்லது முறை. மூன்று யூனிட்டைக் கரைத்துக் குடித்தால் 48, அவற்றின் பார்ட் ஏ 12, மொத்தம் 60. உங்களுக்கு 50 வேண்டும். ஆக, பத்து மதிப்பெண் மட்டுமே நழுவலாம். இது மெல்லிய பலகை. "மூணு யூனிட் போதும்" என்று ஹாஸ்டலில் சொல்வார்கள், கேட்காதீர்கள். மூன்று யூனிட் முழுதாக, நாலாவதில் பாதி, ஐந்து யூனிட்டின் பார்ட் ஏவும் முழுதாக என்று வையுங்கள். 16 மதிப்பெண் கேள்வி பெரும்பாலும் எட்டு எட்டாகப் பிரிந்து வருவதால் அந்தப் பாதி யூனிட் வீண் போகாது.

முதல் யூனிட்டான மேட்ரிசஸ், மூன்றாவதான பல மாறிச் சார்புகள், ஐந்தாவதான மல்டிபிள் இன்டெக்ரல்ஸ் என்று எடுப்பேன். பாதிக்கு நாலாவது, இன்டெக்ரல் கால்குலஸ். காரணம், அதில் வரும் பகுதித் தொகையிடல் கைக்கு வந்தால் நவம்பரில் டி.பி.டி.இ.யின் ஃபூரியர் சீரிஸுக்கு அதுவே மூலதனம்.

முதல் யூனிட்டை முதலில் முடிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. விடை சரியா என்று தேர்வறையிலேயே உங்களால் சோதித்துவிட முடியும். அடிக்கடி கேட்கப்படும் ஒரு மேட்ரிக்ஸ்:

```
 8  -6   2
-6   7  -4
 2  -4   3
```

மூலைவிட்டக் கூட்டல் 18. எனவே மூன்று ஐகன் மதிப்புகளைக் கூட்டினாலும் 18 வர வேண்டும். டிடர்மினன்ட் 0, அதனால் ஒரு ஐகன் மதிப்பு கட்டாயம் 0. சமன்பாடு λ³ − 18λ² + 45λ = 0, விடை 0, 3, 15. கூட்டினால் 18. கூட்டல் ஒத்து வராவிட்டால் ஐகன் வெக்டார் போடத் தொடங்காதீர்கள். தப்பு முன்னால் இருக்கிறது, அங்கே திரும்புங்கள். உங்கள் 46இல் இப்படி நழுவியது நாலு மதிப்பெண்ணாவது இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் நின்றால், விடைத்தாள் நகல் வாங்கி அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு, அவர் சொன்ன பிறகு மறுமதிப்பீட்டுக்குப் போங்கள்.

சரி, நேரம். விசைப்படகு திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை திரும்புகிறது. நீங்கள் ஜெட்டிக்குப் போகும் செவ்வாய், வியாழன் இரவில் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். விடிவதற்கு முன் எழுந்து மீன் எடை போட்டு, கல்லூரிக்கும் போய் வந்தவனுக்கு மல்டிபிள் இன்டெக்ரல் ஏறாது. அன்றைக்குப் பஸ்ஸில் பார்ட் ஏ மட்டும். திங்கள், புதன், வெள்ளி இரவில் ஒன்றரை மணி நேரம் மேட்ரிசஸ். சனிக்கிழமை காலை நாலு மணி நேரம் தெர்மலும் தெர்மோடைனமிக்ஸும் சேர்த்து. ஞாயிறு மதியம் தூங்கி எழுந்து நடப்பு பாடங்கள். ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கினால் ஜெட்டி வேலை நிற்கும். ஆனால் படகைக் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் அடிக்கும் வேலைக்கு வீட்டில் கூப்பிடுவார்கள். தேர்வு முடிந்த பிறகும் ஜூன் 14 வரை தடை இருக்கிறது என்று அப்பாவிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

நடப்பு பாடங்களில் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: ஆறிலும் இன்டர்னல் 23க்குக் கீழே போகக்கூடாது. இரண்டு மதிப்பீடு நடக்கும். ஒவ்வொன்றும் நூற்றுக்கு. அதில் எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட், செமினார் போன்றவை 40. அசைன்மென்டை நாள் தவறாமல், சொந்தக் கையால் எழுதிக் கொடுத்தால் 40இல் 32 வாங்குவது சிரமம் இல்லை. அப்புறம் எழுத்துத் தேர்வில் 60க்கு 26 எடுத்தாலே நூற்றுக்கு 58, அதாவது இன்டர்னல் 23. இன்டர்னல் தேர்வு நடக்கும் வாரத்தில் அரியர் புத்தகத்தைத் தொடாதீர்கள். மேட்ரிசஸில் நீங்கள் வாங்கிய அந்த 15தான் மூன்று தேர்வாகத் துரத்துகிறது, இன்னொரு 15 வேண்டாம்.

கடைசியாக ஒரு நடைமுறை. அரியர் தாளுக்குப் பதிவு தானாக நடந்துவிடும் என்று நம்பாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஒரு பையனின் பெயர் நடப்பு பாடங்களுக்கு இருந்தது, அரியருக்கு விட்டுப்போயிருந்தது. ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் கவனித்தான், ஒரு பருவம் போயிற்று. தேர்வுக் கட்டணம் கட்டும் நாளிலேயே பட்டியலில் மூன்று குறியீடும், MA3151, ME3391, MA3351, இருக்கிறதா என்று பாருங்கள். கால அட்டவணை வந்ததும் மேட்ரிசஸுக்கு முந்தைய நாளோ மறுநாளோ தியரி ஆஃப் மெஷின்ஸ் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் மேட்ரிசஸைப் பத்து நாள் முன்னதாகவே முடித்து வைத்துவிட்டு, அந்த இரவை நடப்பு பாடத்துக்குக் கொடுங்கள்.