தினசரி வினாவிடைப் பக்கத்துக்குத் தலைப்பும் விவரிப்பும்

"வெள்ளவத்தையில் போட்டிப் பரீட்சை வகுப்பு நடத்துகிறேன். தினமும் நடப்பு விவகார வினாவிடை போடுகிறேன். கூகுளில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தெரிகிறது. என்ன செய்யலாம்?"

திகதியைத் தலைப்பின் முன்னால் கொண்டு வாருங்கள். கூகுள் தலைப்பை எழுத்து எண்ணி வெட்டுவதில்லை, அகலம் பார்த்துத்தான் வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் கடைசியில் நிற்கும் திகதிதான் முதலில் காணாமல் போகும். வகுப்பின் பெயரை முன்னால் போட்டால் நிலைமை இன்னும் மோசம்.

தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் விவரிப்பில் அன்றைய விடயங்கள் இருக்க வேண்டும். தினமும் ஒரே வாசகத்தை ஒட்டினால், கூகுள் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து ஏதாவது ஒரு வரியை எடுத்துக் காட்டக்கூடும். அது முதல் கேள்வியின் பாதியாகக்கூட இருக்கலாம்!

2024 செப்டம்பர் 25ஆம் திகதிப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய நாள்தான் புதிய பிரதமர் பதவியேற்றார், நாடாளுமன்றமும் கலைக்கப்பட்டது.

```html
<title>2024 செப்டம்பர் 25 நடப்பு விவகார வினாவிடை</title>
<meta name="description" content="புதிய பிரதமர், நாடாளுமன்றக் கலைப்பு, பொதுத் தேர்தல் திகதி: விளக்கத்துடன் 10 வினாக்கள். நிர்வாக சேவைப் பரீட்சைக்கு.">
```

ஹரிணி அமரசூரிய, நவம்பர் 14 என்று விடைகளையே எழுதிவிடாதீர்கள். தேடல் பக்கத்திலேயே விடை கிடைத்தால் யார் உள்ளே வருவார்கள்? அப்புறம், பக்கத்துக்குள் இருக்கும் பெரிய தலைப்பிலும் இதே திகதி இருக்கட்டும். இரண்டும் முரண்பட்டால் கூகுள் தானே வேறு தலைப்பைப் போட்டுவிடலாம். பழைய பக்கத்தைப் பிரதி எடுத்து வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.